சென்னையில் புக்கிங் செய்த வீடு வரவில்லையா? பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்பது எப்படி?

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேலை பார்த்துக்கொண்டே சென்னையில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் பணம் கட்டியவர்கள் பலர். புக்கிங் பணம் கட்டியாச்சு, தவணைகளும் போயாச்சு. ஒப்பந்தத்தில் சொன்ன தேதி முடிந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. கட்டடமோ பாதியில் நிற்கிறது.

"இனி அந்த வீடே வேண்டாம், பணத்தைக் கொடுத்தால் போதும்" என்று முடிவு செய்து பில்டரை அழைக்கிறீர்கள். அவர் அலுவலகத்தில் பேசுபவர் மிகவும் பணிவாகச் சொல்கிறார்: "சரிங்க சார், கேன்சலேஷன் ஃபார்ம் அனுப்புறோம். ஃபில் பண்ணி அனுப்பிடுங்க."

அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். காரணம் என்ன?

'ரத்து' வேறு, 'விலகல்' வேறு

வீடு வாங்கும் ஒப்பந்தங்களில் வழக்கமாக ஒரு பிரிவு இருக்கும். பில்டர் மீது எந்தத் தவறும் இல்லாதபோது வாங்குபவர் தாமாகவே ரத்து செய்தால், புக்கிங் பணத்தைப் பில்டர் வைத்துக்கொள்ளலாம் என்று அது சொல்லும். மனம் மாறியவர்களுக்காக எழுதப்பட்ட பிரிவு அது. அனுப்பப்படும் படிவமும் பெரும்பாலும் அதே பிரிவின்கீழ்தான் வரும். அதில் 'சொந்தக் காரணங்களுக்காக' என்று முன்பே அச்சடித்திருப்பார்கள்.

தாமதத்தால் வெளியேறுபவரின் நிலை முற்றிலும் வேறு. இந்தியாவின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இல் வந்தது. ரேரா என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். அதன் 18-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் சொன்ன தேதிக்குள் வீட்டை ஒப்படைக்க முடியாத பில்டர், வாங்கியவர் திட்டத்திலிருந்து விலக விரும்பினால், கேட்டவுடன் பெற்ற பணம் முழுவதையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்கிறது. புக்கிங் பணமும் 'பெற்ற பணத்தில்' அடக்கம். அதைக் கழித்துக்கொள்ள இங்கே இடமில்லை.

இந்த உரிமை எவ்வளவு வலுவானது என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் நியூடெக் புரமோட்டர்ஸ் வழக்கில் தெளிவாக்கியது. ஒப்பந்தத் தேதி தவறிவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை நிபந்தனையற்றது. எதிர்பாராத நிகழ்வு, நீதிமன்றத் தடை உத்தரவு போன்ற காரணங்களைப் பில்டர் காட்டினாலும், தாமதத்துக்கு வாங்கியவர் காரணமாக இல்லாதவரை அந்த உரிமை குறையாது என்றது நீதிமன்றம்.

ஆக, நீங்கள் அனுப்பும் கடிதத்தில் 'ரத்து செய்கிறேன்' என்ற சொல்லே வரக்கூடாது. 'ஒப்படைப்புத் தேதி தவறியதால் 18(1) பிரிவின்கீழ் திட்டத்திலிருந்து விலகுகிறேன்' என்றுதான் இருக்க வேண்டும்.

எந்தத் தேதியை வைத்துத் தாமதம் என்று சொல்வது?

இதில்தான் பலர் குழம்புகிறார்கள். ஒரே வீட்டுக்கு மூன்று தேதிகள் இருக்கலாம். விளம்பரத்தில் வந்தது ஒன்று. உங்கள் ஒப்பந்தத்தில் இருப்பது இன்னொன்று. ரேரா ஆணையத்தில் திட்டத்தைப் பதிவு செய்தபோது பில்டர் சொன்னது மூன்றாவது. பில்டர் எப்போதும் மூன்றாவதைத்தான் காட்டுவார். "ஆணையமே டைம் கொடுத்திருக்கு, நீங்க எப்படிக் கேட்க முடியும்?" என்பார்.

கணக்கில் வருவது உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள தேதி. ஆணையத்திடம் பில்டர் தாமாகச் சொன்ன புதிய தேதி, உங்களுக்குக் கொடுத்த வாக்கை மாற்றி எழுதாது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2017-இல் நீல்கமல் வழக்கில் இதைச் சொன்னது. ஒப்பந்தத்தில் ஆறு மாதச் சலுகைக் காலம் போன்ற ஏதாவது இருந்தால் மட்டும் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் தேதியே இல்லை என்றால்? புக்கிங் படிவத்தோடு நின்றுபோனவர்களுக்கு இந்தச் சிக்கல் வரும். அப்படிப்பட்ட நிலையில் மூன்று ஆண்டுகள் நியாயமான காலம் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் ஒரு வழக்கில் ஏற்றது. இன்னொன்றையும் கவனியுங்கள். பதிவு செய்யப்பட்ட விற்பனை ஒப்பந்தம் போடாமல் வீட்டு விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்குவதைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு தடுக்கிறது. ஒப்பந்தம் போடாமலேயே உங்களிடம் அதற்கு மேல் வாங்கியிருந்தால், அதுவே பில்டரின் மீறல். கடிதத்தில் அதையும் எழுதலாம்.

வட்டி எவ்வளவு? எப்போதிலிருந்து?

தமிழ்நாட்டு விதிகளின்படி, இந்திய ஸ்டேட் வங்கியின் எம்சிஎல்ஆர் எனப்படும் கடன் விகிதத்தில் ஆக உயர்ந்தது எதுவோ, அதனுடன் 2 விழுக்காடு கூட்ட வேண்டும். எம்சிஎல்ஆர் அவ்வப்போது மாறும். வங்கியின் இணையப்பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் "தாமதத்துக்குச் சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய்" என்று இருந்தாலும் பயப்பட வேண்டாம். வாங்குபவர் தாமதித்தால் அதிக வட்டி, பில்டர் தாமதித்தால் சில்லறை என்ற ஒருதலைப்பட்சமான ஏற்பாட்டை ரேரா சட்டம் ஏற்பதில்லை. இரு தரப்புக்கும் ஒரே விகிதம்தான்.

விகிதத்தைவிட முக்கியமானது தொடக்க நாள். பெரிய தொகை கைநழுவிப் போவது இங்கேதான். பில்டர்கள் ஒப்படைப்புத் தேதி தவறிய நாளிலிருந்து வட்டி கணக்கிடுவார்கள். சட்டத்தின் 2-ஆவது பிரிவு தரும் விளக்கமோ, பணம் அவர் கைக்குப் போன நாளிலிருந்து திருப்பித் தரும் நாள்வரை என்கிறது. ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஈசூனில் வசிக்கும் ஒரு தம்பதி, சென்னைப் பழைய மாமல்லபுரம் சாலையில் 80 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீட்டை எடுத்ததாக வைத்துக்கொள்வோம். 2019 ஜனவரி 15-ஆம் தேதி புக்கிங் பணம் 5 லட்சம். அதே ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி 15 லட்சம். 2020 ஜனவரி 15-ஆம் தேதி 10 லட்சம். மொத்தம் 30 லட்சம். ஒப்படைப்புத் தேதி, சலுகைக் காலத்தையும் சேர்த்து, 2022 ஜனவரி 15. அவர்கள் 2025 ஜனவரி 15 வரை கணக்குப் போடுகிறார்கள். புரிவதற்கு எளிதாக இருக்க, வட்டியை ஆண்டுக்கு 10 விழுக்காடு, தனிவட்டி என்று எடுத்துக்கொள்வோம்.

புக்கிங் பணம் 5 லட்சத்துக்கு ஆறு ஆண்டுகள், 3 லட்சம் வட்டி. அடுத்த 15 லட்சத்துக்கு ஐந்தரை ஆண்டுகள், 8.25 லட்சம். கடைசி 10 லட்சத்துக்கு ஐந்து ஆண்டுகள், 5 லட்சம். வட்டி மட்டும் 16.25 லட்சம். அசலோடு சேர்த்து 46.25 லட்சம் ரூபாய்.

பில்டர் வழியில் போட்டால்? 30 லட்சத்துக்கு மூன்று ஆண்டுகள், 9 லட்சம் வட்டி. 7.25 லட்சம் காணாமல் போய்விடும். அவர் அதிலிருந்து புக்கிங் பணத்தையும் கழித்தால் இன்னும் 5 லட்சம் குறையும். ஆகவே கணக்குப் பட்டியலை அவரிடம் கேட்காதீர்கள். நீங்களே போட்டுக் கடிதத்தோடு இணைத்து அனுப்புங்கள். ஒவ்வொரு வரியிலும் தேதி, தொகை, ரசீது எண், நாட்கள், வட்டி இருக்கட்டும்.

கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

நீளமாக எழுத வேண்டியதில்லை. கோபமும் வேண்டாம். வீட்டு எண், ஒப்பந்தத் தேதி, கட்டிய தொகை, தவறிய ஒப்படைப்புத் தேதி ஆகியவற்றை முதலில் சொல்லுங்கள். பிறகு கோரிக்கை. அதன் சாரம் இப்படி இருக்கலாம்:

"ஒப்பந்தப்படி 2022 ஜனவரி 15-க்குள் ஒப்படைக்க வேண்டிய வீடு இன்றுவரை ஒப்படைக்கப்படவில்லை. தவணைகளில் எங்கள் தரப்பில் எந்தத் தாமதமும் இல்லை. ஆகவே ரேரா சட்டத்தின் 18(1) பிரிவின்கீழ் திட்டத்திலிருந்து விலகுகிறோம். இது ஒப்பந்தத்தின் ரத்துப் பிரிவின்கீழ் செய்யும் கோரிக்கை அன்று. புக்கிங் தொகை உட்பட நாங்கள் செலுத்திய 30 லட்சம் ரூபாயை, ஒவ்வொரு தொகையும் பெறப்பட்ட நாளிலிருந்து விதிப்படியான வட்டியோடு 30 நாட்களுக்குள் திருப்பித் தருமாறு கோருகிறோம்."

'எங்கள் தரப்பில் தாமதமில்லை' என்ற வரி உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். ஒரு தவணை பிந்தியிருந்தால் பில்டர் அதைப் பிடித்துக்கொள்வார். அப்படியானால் எத்தனை நாள் பிந்தியது, அதற்கு வட்டி கட்டினீர்களா என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது.

மின்னஞ்சல் மட்டும் போதாது. பெற்றதற்கான ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்ப வேண்டும். ஊரில் இருக்கும் தம்பியோ மாமாவோ அதைச் செய்யலாம். வாட்ஸ்அப் குழுவில் விற்பனைப் பிரிவு ஊழியர் "அடுத்த தீபாவளிக்கு சாவி" என்று எழுதியிருந்தால் அதையும் படம் எடுத்து வையுங்கள். தேதி தவறியதை அவர்களே ஒப்புக்கொண்டதற்கு அதுவும் ஆதாரம்.

இந்தக் கடிதத்தைத் தள்ளிப்போடுவதில் ஆபத்து உண்டு. நீங்கள் விலகுவதாகச் சொல்லும் முன்பே, பில்டர் நிறைவுச் சான்றிதழ் வாங்கி "வந்து சாவி வாங்கிக்கொள்ளுங்கள்" என்று எழுதிவிட்டால் உங்கள் வாதம் வலுவிழக்கும். இப்படிப்பட்ட வழக்குகளில் வீட்டை எடுத்துக்கொண்டு தாமதத்துக்கு மட்டும் வட்டி வாங்கிக்கொள்ளச் சொல்லக்கூடும். கட்டி முடியும் கட்டத்தில் இருக்கும் திட்டம் என்றால் இதை மனத்தில் வைத்து முடிவெடுங்கள். உண்மையில் வீடு வேண்டும் என்றால், விலகாமல் மாதாமாதம் தாமத வட்டி கேட்கும் வழியும் அதே 18-ஆவது பிரிவில் இருக்கிறது.

பில்டர் நீட்டும் மற்ற தாள்களிலும் கவனம் தேவை. புதிய ஒப்படைப்புத் தேதி போட்ட துணை ஒப்பந்தம், வேறு திட்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் கடிதம், 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற ஒப்புதல், எல்லாமே பழைய தேதியின் பலத்தைக் குறைப்பவை.

பதில் வரவில்லை என்றால்?

தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திடம் புகார் கொடுக்கலாம். முதலில் rera.tn.gov.in தளத்தில் உங்கள் திட்டத்தின் பதிவு எண்ணைத் தேடுங்கள். பில்டர் சொன்ன நிறைவுத் தேதியும் அங்கே இருக்கும்.

புகார்ப் படிவங்கள் இரண்டு. அசலும் வட்டியும் கேட்க ஆணையத்திடம் 'எம்' படிவம். மன உளைச்சல், வாடகைச் செலவு போன்றவற்றுக்கு இழப்பீடு கேட்கத் தீர்ப்பு அதிகாரியிடம் 'என்' படிவம். எல்லாவற்றையும் ஒரே படிவத்தில் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அதனால் மாதங்கள் வீணாகும். பணம் திரும்ப வருவதே முதல் தேவை என்றால் 'எம்' படிவத்தில் தொடங்குங்கள். 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. நடைமுறையில் அதைவிடக் கூடுதல் காலத்துக்குத் தயாராக இருங்கள்.

நேரில் போக முடியாதவர்களுக்காக வழக்கறிஞர், கணக்காய்வாளர், நிறுவனச் செயலாளர் ஆகியோர் முன்னிலையாகலாம். ஊரில் உள்ள உறவினர் உங்கள் பெயரில் கையெழுத்திட வேண்டும் என்றால் பவர் பத்திரம் தேவை. சிங்கப்பூரில் எழுதும் பத்திரத்துக்கு நோட்டரி கையெழுத்தும் அப்போஸ்டில் முத்திரையும் வேண்டும். இல்லையேல் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெறலாம். மலேசியாவில் இருப்பவர்கள் தூதரகத்தின் வழியே போவதே எளிது. பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு, விசாரணை அன்று 'இந்தப் பவர் செல்லாது' என்று கேட்டுத் திகைப்பவர்கள் இருக்கிறார்கள்.

பில்டர் மேல்முறையீடு செய்தால் என்ன என்று பயப்படுவோருக்கு ஒரு நல்ல செய்தி. ஆணைப்படி உங்களுக்குத் தர வேண்டிய தொகை முழுவதையும், வட்டியையும் சேர்த்து, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் அவர் முதலில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பல பில்டர்கள் சமரசத்துக்கு இறங்கி வருவது இந்த இடத்தில்தான்.

மேல்முறையீடும் செய்யாமல், பணமும் தராமல் இருந்தால் ஆணையம் வசூல் சான்றிதழ் கொடுக்கும். மாவட்ட ஆட்சியர் நிலவரி பாக்கியைப் போல அதை வசூலிக்க வேண்டும். சட்டத்தில் இது ஒரே வரி. நடப்பில் ஆக மெதுவாக நகர்வது இந்தக் கட்டம்தான். நிறுவனத்தின் பெயரில் எங்கே எந்த நிலம் இருக்கிறது என்று விவரம் திரட்டிக் கொடுப்பவர்களின் கோப்பு சற்று வேகமாக நகரும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழியும் திறந்தே இருக்கிறது. ரேரா இருப்பதால் அந்த உரிமை போய்விடவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்னது. ஆனால் ஒரே கோரிக்கையை இரண்டு இடத்திலும் வைக்க முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பில்டர் நொடித்துப்போகும் நிலையில் இருந்தால் கணக்கே மாறுகிறது. நிறுவனத்தின் மீது திவால் நடவடிக்கை தொடங்கியதும் மற்ற வழக்குகளும் வசூலும் நின்றுவிடும். வீடு வாங்கியவர்களும் நிதிக் கடன் கொடுத்தவர்கள் என்று 2018-இல் சட்டம் திருத்தப்பட்டது. கையில் ரேரா ஆணை இருந்தாலும் அந்தத் தகுதி போகாது என்றது 2023-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. என்றாலும், குறித்த நாளுக்குள் உங்கள் கோரிக்கையைத் தீர்வு அதிகாரியிடம் பதிவு செய்தாக வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்த அறிவிப்பைத் தவறவிடும் வாய்ப்பு அதிகம். நிறுவனம் தள்ளாடுகிறது என்று தெரிந்தால், முழு வட்டிக்காக ஆண்டுக்கணக்கில் போராடுவதைவிட அசலோடு ஓரளவு வட்டியை இப்போதே வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனமாக இருக்கலாம்.

பணம் வரும் நாளில் கவனிக்க வேண்டியவை

தமிழ்நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கட்டுமானம் நடக்கும்போதே நிலத்தில் உங்களுக்குரிய பிரிபடாத பாகத்தைக் கிரயம் செய்து கொடுத்துவிடுவார்கள். அப்படிக் கிரயம் ஆகியிருந்தால், பணத்தைத் தரும்போது ரத்துப் பத்திரம் எழுதித் தரச் சொல்வார்கள். அது நியாயமான கோரிக்கைதான். ஆனால் பணம் முதலில் கணக்கில் ஏறட்டும், அல்லது பதிவு அலுவலகத்தில் வங்கி வரைவோலை கைக்கு வந்த அதே வேளையில் கையெழுத்துப் போடுங்கள். பின் தேதியிட்ட காசோலைகளை நம்பி அசல் பத்திரங்களைக் கொடுக்காதீர்கள். காசோலை திரும்பினால், வங்கியின் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்.

வீட்டுக் கடன் வாங்கியிருந்தால் பணம் முதலில் வங்கிக்குப் போகும். கடன் பாக்கி போக மிச்சம்தான் உங்களுக்கு. வங்கியிடம் இன்றைய பாக்கிக் கணக்கைக் கேட்டு வாங்கிவிட்டு பில்டரிடம் பேசுங்கள்.

கடைசியாக, பணம் எந்தக் கணக்கில் விழ வேண்டும்? இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர்களும், ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களும் இதைக் கேட்பதில்லை. பில்டர் என்ஆர்ஓ கணக்கில் போட்டுவிடுவார். பிறகு அங்கிருந்து சிங்கப்பூருக்கு அனுப்ப வேறு தாள்கள், வேறு வரம்புகள். ஆனால் நீங்கள் ஆரம்பத்தில் என்ஆர்இ கணக்கிலிருந்தோ வெளிநாட்டிலிருந்து நேரடியாகவோ கட்டியிருந்தால், புக்கிங் ரத்தானதற்காக வரும் பணத்தை, வட்டியையும் சேர்த்து, வரி போக, மீண்டும் என்ஆர்இ கணக்கிலேயே வரவு வைக்க இந்திய ரிசர்வ் வங்கியின் விதிகள் இடம் தருகின்றன. அதற்கு, முதலில் பணம் எங்கிருந்து போனது என்பதை வங்கியிடம் காட்ட வேண்டும். 2019-இல் அனுப்பிய 5 லட்சத்தின் வங்கிச் சீட்டு இன்று உங்களிடம் இருக்கிறதா? இல்லை என்றால், பில்டருக்குக் கடிதம் எழுதும் அதே வாரத்தில் வங்கியிடம் பழைய கணக்கு அறிக்கையையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.